விலையா, கேட்கும் தொகையா: கொழுந்து பறிக்கும் மெஷின் வழக்கில் எந்த ஆணையம், என்ன பரிகாரம்?

கேள்வி: "சார், மாதிரித் தேர்வில் வந்த கணக்கு இது. கோத்தகிரியில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் கோவைக் கடையில் ரூ.1,85,000 கொடுத்துக் கொழுந்து பறிக்கும் மெஷின் வாங்குகிறார். ஆக்ஸிலேட்டரை விட்டாலும் பிளேடு நிற்பதில்லை. குன்னூர் சர்வீஸ் சென்டரில் மூன்று முறை காட்டியும் சரியாகவில்லை. வாரண்டி இருந்தும் மூன்றாம் முறை ரூ.4,500 வாங்கிக்கொண்டார்கள். பிறகு அவர் மனைவியின் விரல் வெட்டுப்பட்டது. பில்லில் 'கோவை நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டது' என்று இருக்கிறது. வாங்கி 14 மாதம் ஆகிறது. 60 லட்சம் கேட்கிறார். நான் சென்னை மாநில ஆணையம் என்று எழுதி மார்க் போனது. எங்கே தப்பு?"

பழைய நோட்டை வைத்துப் படித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் விலையையும் கேட்கும் இழப்பீட்டையும் கூட்டித்தான் வரம்பு பார்த்தார்கள். அந்தக் கணக்கில் இது 61 லட்சத்தைத் தாண்டும். மாநில ஆணையம் என்பது சரியாகவே இருந்திருக்கும். 2019 சட்டம் அதை மாற்றிவிட்டது. இப்போது பார்ப்பது கொடுத்த விலையை மட்டும்தான். 2021 டிசம்பரில் வந்த விதிகளின்படி 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் தேசிய ஆணையம். இவர் கையிலிருந்து போனது 1,85,000, சர்வீஸுக்கு 4,500. அறுபது லட்சம் கேட்டாலும் ஆறு கோடி கேட்டாலும் இது மாவட்ட ஆணையத்து வழக்குதான். கட்டணமும் இல்லை, 5 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தில் இலவசம். கணக்கில் 60 லட்சம் என்று பெரிய தொகையைப் போட்டதே பழைய சட்டத்தின் பக்கம் உங்களை இழுக்கத்தான்.

எந்த மாவட்டம் என்பது அடுத்தது. கடை கோவையில், பில்லும் கோவை என்கிறது. ஆனால் 34(2)(d) பிரிவு புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போட இடம் தருகிறது. ஆகவே ஊட்டியிலுள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். சட்டம் கொடுத்த இந்த உரிமையைக் கடைக்காரர் பில்லில் அச்சடித்த ஒரு வரி பறிக்க முடியாது என்று எழுதி, பக்கத்தில் 100ஆம் பிரிவைக் குறியுங்கள். சட்டத்தின் பரிகாரங்கள் மற்ற சட்டங்களுக்குக் கூடுதலாக வருபவை என்று அது சொல்கிறது.

இவ்வளவும் எழுதுவதற்கு முன்னால் தாண்ட வேண்டிய ஒரு படி உண்டு. பெரும்பாலோர் அதை விட்டுவிடுகிறார்கள். இவர் நுகர்வோரா? மெஷினால் சம்பாதிக்கிறாரே, அது வணிக நோக்கம் ஆகாதா என்று எதிர்தரப்பு முதல் வாதமாகவே கேட்கும். 2(7)இன் விளக்கம் இதற்குப் பதில் சொல்கிறது: சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. இங்கே காட்ட வேண்டிய தீர்ப்பு 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்ன லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட். டாக்ஸி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான், இயந்திரத்தை இயக்க ஓரிருவர் உதவிக்கு இருந்தாலும் அந்தத் தகுதி போகாது என்றது நீதிமன்றம். ஒன்றரை ஏக்கர், கணவன் ஒரு முனை, மனைவி ஒரு முனை என்று பிடித்து ஓட்டுகிற மெஷின். இந்த உண்மைகளை அந்த விதியோடு பொருத்தி இரண்டு வரி எழுதினால் போதும். மனைவியின் பெயரில் பில் இல்லையே என்று தயங்க வேண்டாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் 2(7)படி நுகர்வோர்தான். அவரை இரண்டாம் புகார்தாரராகச் சேருங்கள்.

இனி யார் மேல், எதற்காக. எஞ்சின் மெதுவாக ஓடும்போது கிளட்ச் விலகி பிளேடு நிற்க வேண்டும். கிளட்ச் ஸ்பிரிங் பலம் குறைந்திருந்தாலோ கிளட்ச் ஒட்டிக்கொண்டாலோ பிளேடு ஓடிக்கொண்டே இருக்கும். புது மெஷினிலேயே அப்படியென்றால் அது 2(10)இன் பொருள் குறைபாடு. உற்பத்தியாளரும் கடைக்காரரும் எதிர்தரப்பினர். மூன்று முறை பார்த்தும் சரிசெய்யாதது, வாரண்டிக்குள் பணம் வாங்கியது இரண்டும் 2(11)இன் சேவைக் குறைபாடு. அது சர்வீஸ் சென்டர் மேல். இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பி "குறைபாடு" என்று எழுதினால் மார்க் போகும்.

ஆதாரம் ஜாப் கார்டில் இருக்கிறது. மூன்று கார்டிலும் 'பிளேடு நிற்கவில்லை' என்ற ஒரே புகார், மூன்றிலும் 'சரிபார்க்கப்பட்டது, ஓகே' என்ற ஒரே பதில் என்றால், பழுது தொடர்ந்தது அவர்கள் கையெழுத்திலேயே பதிவாகிவிட்டது. அதற்கு மேலும் சோதனை இல்லாமல் குறையைச் சொல்ல முடியாது என்றால் ஆணையம் 38(2)(c)இன் கீழ் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அறிக்கைக்கு 45 நாள். ஆகவே இடையில் வேறு மெக்கானிக்கிடம் கொடுத்து கிளட்ச்சைப் பிரிக்கக் கூடாது. பிரித்துவிட்டால் 'வெளியாள் கை வைத்ததால் வந்த கோளாறு' என்ற வாதத்துக்கு நாமே வழிவிட்டதாகும்.

பரிகாரத்தில்தான் நுட்பம். விரல் வெட்டுக்கு 82 முதல் 87 வரையிலான பொருள் பொறுப்புப் பிரிவுகள் உண்டு, உற்பத்தியாளருக்கு 84. உற்பத்திக் குறை இருந்தது, அதனால் காயம் வந்தது என்று காட்டினால் போதும். அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையில்லை. கடைக்காரரை இதில் இழுப்பதற்கு 86இல் தனி நிபந்தனைகள் இருக்கின்றன, அதனால் அவரைச் சும்மா சேர்க்காதீர்கள். ஆனால் 2(22) 'தீங்கு' என்பதிலிருந்து பொருளுக்கே வந்த சேதத்தையும் வணிக, பொருளாதார இழப்பையும் வெளியே தள்ளிவிடுகிறது. அதாவது மெஷின் நின்றதால் பறிக்காமல் முற்றிப்போன கொழுந்தின் வருமானத்தைப் பொருள் பொறுப்பில் கேட்க முடியாது. அதை 39(1)(d)இல், எதிர்தரப்பின் அலட்சியத்தால் வந்த இழப்பு என்று கேட்க வேண்டும். அங்கே அலட்சியத்தைக் காட்டியாக வேண்டும். தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுத்த பழைய ரசீதுகள் இழப்பின் அளவைக் காட்டும்.

வேண்டுதலை இப்படி எழுதலாம்:

"மெஷினை எடுத்துக்கொண்டு ரூ.1,85,000ஐ வட்டியுடன் திருப்பித் தரவும், அல்லது அதற்கு மாற்றாகக் குறையற்ற புது மெஷின் தரவும், ரூ.4,500ஐத் திருப்பித் தரவும். இரண்டாம் புகார்தாரரின் மருத்துவச் செலவுக்கும் வேதனைக்கும் உற்பத்தியாளர் இழப்பீடு தரவும். நின்ற நாட்களின் வருமான இழப்புக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் தரவும் உத்தரவிட வேண்டும்."

பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம் மூன்றையும் ஒருசேரக் கேட்காதீர்கள். மூன்று முறை தோற்ற பழுதுநீக்கத்தை, அதுவும் ஆளை வெட்டிய மெஷினில், மறுபடி கேட்பதில் அர்த்தமில்லை. 60 லட்சத்தைப் பற்றி ஒரு வரி: அது அதிகார வரம்பை மாற்றாது, நிரூபித்த அளவுக்கே கிடைக்கும். காலவரம்பு 69படி இரண்டு ஆண்டு. வாங்கிய நாளிலிருந்து எண்ணினாலும் 14 மாதம்தான், ஆகவே தாமத மன்னிப்பு மனு வேண்டாம்.

இதே கணக்கில் அவர் பத்து மெஷின் வாங்கி ஆள் வைத்து எஸ்டேட்டுகளுக்கு வாடகைக்கு விடுகிறார் என்று மாற்றிக் கேட்டால், 2(7)லேயே நின்றுவிடுங்கள். அது வணிக நோக்கம். அவர் போக வேண்டிய இடம் உரிமையியல் நீதிமன்றம்.