சில்லருக்கு தேய்மானம்: ஸ்ட்ரைட் லைனா, ரிடியூசிங் பேலன்ஸா?

கேள்வி: கடைக்கு புது சில்லர் வாங்கியாச்சு, எல்லாம் சேர்த்து 10,000 வெள்ளி. கணக்கு எழுதுற அண்ணன் அஞ்சு வருஷத்துக்கு வருஷம் 2,000 கழிக்கச் சொல்றாரு. காலேஜ்ல படிக்கிற தங்கச்சி ரிடியூசிங் பேலன்ஸ் 20% போடச் சொல்லுது. ரெண்டையும் போட்டுப் பார்த்தா அஞ்சாவது வருஷ முடிவுல ஒண்ணுல சைபர் வருது, இன்னொண்ணுல 3,277 வெள்ளி நிக்குது. எது சரி? எதுல வரி கம்மியா வரும்?

நான் சுங்கை சிப்புட் பக்கம் மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடைன்னு சின்னக் கடைங்களுக்குத்தான் கணக்கு எழுதுறேன், இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு வருது. அண்ணனும் தங்கச்சியும் ஆளுக்கொரு மெத்தட் சொன்னது பிரச்சனை இல்ல. அஞ்சு வருஷம் கழிச்சு அந்த சில்லர் என்ன விலை போகும்ங்கிறதுல ரெண்டு பேரும் வேற வேற பதில் வச்சிருக்காங்க, அதுதான் பிரச்சனை. அண்ணன் கணக்குப்படி அது ஒரு காசு பெறாது, தங்கச்சி கணக்குப்படி 3,277 வெள்ளி பெறும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா அது மெத்தட் ஒப்பீடே ஆகாது. 20%ங்கிற நம்பர் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறதால ஒரே கணக்குன்னு தோணுது, ஆனா ஸ்ட்ரைட் லைன்ல அது வாங்குன விலைக்கு 20%, ரிடியூசிங்ல மிச்சம் நிக்கிற தொகைக்கு 20%, அதனால ரெண்டாவது வருஷத்துலேயே ரெண்டும் பிரிஞ்சு போயிடும்.

அதனால முதல்ல கடைசி விலையை முடிவு பண்ணுங்க. ஈப்போல செகண்ட் ஹேண்ட் சாமான் எடுக்கிற கடையில ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, அஞ்சு வருஷம் ஓடுன ரெண்டு கதவு சில்லர் என்ன விலைக்கு எடுப்பீங்கன்னு. இங்க உதாரணத்துக்கு 1,700 வெள்ளின்னு வச்சுக்குறேன், உங்களுக்கு வேற நம்பர் வந்தா அதைப் போட்டுக்குங்க. 10,000ல லோரிக் கூலியும் வயரிங் இழுத்த செலவும் சேர்ந்திருக்குன்னா சரிதான், அதெல்லாம் பொருளோட விலையிலதான் சேரணும். ஆனா வருஷா வருஷம் கட்டுற சர்வீஸ் பணத்தை இதுல சேர்க்காதீங்க, அது அந்தந்த வருஷச் செலவு.

ஸ்ட்ரைட் லைன் சுலபம். 10,000ல 1,700ஐக் கழிச்சா 8,300, அதை அஞ்சால வகுத்தா வருஷத்துக்கு 1,660.

ரிடியூசிங் பேலன்ஸ்ல 1,700ஐ முன்னாடியே கழிக்கக் கூடாது, நிறைய பேர் சறுக்குற இடம் இதுதான். முழு 10,000ல ஆரம்பிச்சு அஞ்சு வருஷத்துல 1,700 கிட்ட வந்து நிக்கிற மாதிரி ஒரு பெர்சண்டேஜ் கண்டுபிடிக்கணும். எக்செல்ல இப்படி டைப் பண்ணுங்க:

```
=1-(1700/10000)^(1/5)
```

0.2984ன்னு வரும், அதாவது கிட்டத்தட்ட 30%. சின்னக் கடைக்கு 30%ன்னே வச்சுக்கிட்டு கடைசி வருஷத்துல மட்டும் சரி பண்ணிக்கலாம். ரெண்டும் 10,000ல ஆரம்பிச்சு 1,700ல முடியுது, இப்பதான் பக்கத்துல வச்சுப் பார்க்க முடியும்:

| வருஷம் | ஸ்ட்ரைட் லைன் தேய்மானம் | மிச்சம் | ரிடியூசிங் தேய்மானம் | மிச்சம் |
|---|---|---|---|---|
| 1 | 1,660 | 8,340 | 3,000 | 7,000 |
| 2 | 1,660 | 6,680 | 2,100 | 4,900 |
| 3 | 1,660 | 5,020 | 1,470 | 3,430 |
| 4 | 1,660 | 3,360 | 1,029 | 2,401 |
| 5 | 1,660 | 1,700 | 701 | 1,700 |

அஞ்சாவது வருஷம் 2,401க்கு 30% போட்டா 720.30 வரும், ஆனா அப்படியே கழிச்சா 1,700க்குக் கீழ போயிடும், அதனால 701லேயே நிறுத்திட்டேன். ரெண்டு பக்கமும் கூட்டிப் பாருங்க, அதே 8,300தான் வரும். எந்த மெத்தட் போட்டாலும் மொத்தச் செலவு மாறாது, எந்த வருஷத்துல எவ்ளோ விழுதுங்கிறதுதான் மாறும்.

போட்டது சரியான்னு செக் பண்ண ஒரு வழி இருக்கு. ரிடியூசிங் பக்கம் ஒரு வருஷத் தேய்மானத்தை முந்தின வருஷத் தேய்மானத்தால வகுத்துப் பாருங்க, சரி பண்ணுன கடைசி வருஷத்தைத் தவிர எல்லாத்துலயும் 0.7தான் வரணும். வரலன்னா எங்கயோ மிச்சத் தொகைக்குப் பதிலா வாங்குன விலைக்கு 30% போட்டுட்டாங்கன்னு அர்த்தம், அப்படியே விட்டா நாலாவது வருஷத்துல 12,000 கழிஞ்சு பொருளோட மதிப்பு மைனஸ்ல போய் நிக்கும்.

இப்ப சில்லருக்கு எது பொருந்தும்னா, என்னைக் கேட்டா ரிடியூசிங் பேலன்ஸ்தான். தகரக் கூரைக் கடை, மத்தியான வெயில், எஸ்டேட் சம்பளம் போட்ட வாரத்துல காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் கதவு திறந்து திறந்து மூடுது, கம்ப்ரஸர் நிக்காம ஓடுது. முதல் ரெண்டு வருஷம் நல்லா உழைக்கும், அப்புறம் கதவு ரப்பர் போகும், கேஸ் அடிக்கணும், ஃபேன் மோட்டார் மாத்தணும்னு ரிப்பேர் செலவு ஏறிக்கிட்டே வரும். ஒரு பேச்சுக்கு ரிப்பேர் வருஷத்துக்கு 200, 350, 600, 900, 1,300ன்னு போகுதுன்னு வச்சுக்குங்க. ஸ்ட்ரைட் லைன்ல தேய்மானமும் ரிப்பேரும் சேர்ந்து முதல் வருஷம் 1,860, அஞ்சாவது வருஷம் 2,960. ரிடியூசிங்ல முதல் வருஷம் 3,200, அப்புறம் 2,450, 2,070, 1,929, 2,001ன்னு முதல் வருஷத்துக்கு அப்புறம் கிட்டத்தட்ட சமமாப் போகுது. அந்த சில்லர் உண்மையில உங்களுக்கு வருஷம் எவ்ளோ பிடிக்குதுங்கிறது இதுலதான் தெளிவாத் தெரியுது. ஆனா கடையில இருக்கிற இரும்பு ரேக், கல்லாப்பெட்டி மேசை மாதிரி சாமானுக்கு இந்தக் காரணம் எதுவும் கிடையாது, அது பத்து வருஷமும் ஒரே மாதிரி உழைக்கும், ஸ்ட்ரைட் லைனே போதும். ஒரே கடையில சில்லருக்கு ஒண்ணு, ரேக்குக்கு ஒண்ணுன்னு வைக்கிறதுல தப்பே இல்ல. செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனியா பதிஞ்சு எம்பெர்ஸ்ங்கிற கணக்கியல் விதிமுறைப்படி கணக்கு போடுறவங்களுக்கும் விதி அதேதான், பொருளோட பலன் எப்படித் தீருதோ அதுக்கு ஏத்த மெத்தட்.

நடுவுல வித்தா என்ன ஆகும்னு கேப்பீங்க. மூணு முழு வருஷம் ஓட்டிட்டு நாலாவது வருஷம் ஜனவரி ஆரம்பத்துலேயே 4,000 வெள்ளிக்குக் குடுத்துட்டீங்கன்னு வைங்க. ஸ்ட்ரைட் லைன் புக்குல 5,020 நிக்குது, அதனால 1,020 நஷ்டம் காட்டும். ரிடியூசிங் புக்குல 3,430தான் நிக்குது, 570 லாபம் காட்டும். அதே சில்லர், அதே விலை, ஒண்ணு நஷ்டம் ஒண்ணு லாபம். பயப்பட வேண்டாம். முதல்ல 4,980 கழிச்சு பிறகு 1,020 நஷ்டம், மொத்தம் 6,000. இன்னொண்ணுல 6,570 கழிச்சு பிறகு 570 திரும்ப வந்துச்சு, அதுவும் 6,000. 10,000க்கு வாங்கி 4,000க்கு வித்தா உங்க கையை விட்டுப் போனது அந்த 6,000தான்.

வரி விஷயத்துக்கு வர்றேன், நீங்க முக்கியமா கேட்டது அதுதானே. ரெண்டு மெத்தட்லயும் வரி ஒண்ணுதான். மலேசிய வரி ஆபீஸான எல்எச்டிஎன் உங்க புக்குத் தேய்மானத்தைச் செலவா ஏத்துக்காது. வரிப் படிவமான போராங் பி நிரப்பும்போது புக்குல கழிச்ச தேய்மானத்தை லாபத்தோட திரும்பக் கூட்டிட்டு, அதுக்குப் பதிலா கேப்பிட்டல் அலவன்ஸ்தான் எடுக்கணும், புக்குல வர்ற விற்பனை லாப நஷ்டத்தையும் அதே மாதிரி எடுத்துரணும். அலவன்ஸ் ரேட்டை நாம முடிவு பண்றதில்ல, சட்டத்துலேயே இருக்கு. சாதாரண மெஷின் வகைக்கு முதல் வருஷம் ஒரு தடவை மட்டும் 20%, அதோட வருஷா வருஷம் வாங்குன விலைக்கு 14%. உங்க 10,000க்கு முதல் வருஷம் 3,400, அடுத்த நாலு வருஷம் 1,400 வீதம், ஆறாவது வருஷம் மிச்சம் 1,000. மரச்சாமான், ஆஃபீஸ் சாமான் வகைக்கு 14%க்குப் பதிலா 10%, அதனால எந்தப் பொருள் எந்த வகையில விழுதுன்னு பார்த்துப் போடுங்க.

மேல சொன்ன மாதிரி ஜனவரியில 4,000க்கு வித்தா, வரிக் கணக்குல அதுவரைக்கும் 6,200 எடுத்திருப்பீங்க, மிச்சம் 3,800. 200 வெள்ளி கூட வாங்கியிருக்கீங்க, அந்த 200 மட்டும் அந்த வருஷ வருமானத்துல சேரும். புக்குல 1,020 நஷ்டம் காட்டுச்சா 570 லாபம் காட்டுச்சாங்கிறதுக்கு இதுல வேலையே இல்ல. அதனால புக்குக்கு ஒரு ஷீட், வரிக்கு ஒரு ஷீட்டுன்னு தனித்தனியா வச்சுக்குங்க, ஒரே ஷீட்ல ரெண்டையும் கலந்தா அடுத்த வருஷம் எந்த மிச்சத்துலேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியாமப் போயிடும்.

மாசக் கணக்கும் இங்க வரும். சில்லர் செப்டம்பர் ஆரம்பத்துல வந்து டிசம்பர்ல கணக்கு முடிக்கிறீங்கன்னா புக்குல நாலு மாசத்துக்குத்தான் தேய்மானம்: ஸ்ட்ரைட் லைன்ல 553.33, ரிடியூசிங்ல 1,000. அடுத்த வருஷம் ரிடியூசிங்ல மிச்சம் 9,000க்கு 30%, அதாவது 2,700, மேல இருக்கிற டேபிள் நம்பரை அப்படியே எடுத்துப் போட்டுடாதீங்க. ஆனா கேப்பிட்டல் அலவன்ஸுக்கு இந்த மாசக் கணக்கு கிடையாது, வருஷ முடிவுல சில்லர் கடையில ஓடிக்கிட்டு இருந்தா முதல் வருஷத்துக்கு முழு 3,400.

கடைசியா தங்கச்சிகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க, எக்செல்ல DDBன்னு ஒரு ஃபார்முலா இருக்கு, அதை ரிடியூசிங் பேலன்ஸ்னு நினைச்சுப் போட்டா அஞ்சு வருஷத்துக்கு அதுவா 40% எடுத்துக்கும், முதல் வருஷமே 4,000 கழிஞ்சிடும். நம்ம கணக்குக்கு வேணும்னா இதைப் போடச் சொல்லுங்க, கடைசி நம்பர்தான் எத்தனாவது வருஷம்ங்கிறது:

```
=DB(10000,1700,5,1)
```

இது ரேட்டை 29.8%ன்னு எடுக்கறதால 3,000க்குப் பதிலா 2,980 காட்டும், அது பரவாயில்ல. ஆனா 1,700 இருக்கிற இடத்துல சைபர் போட்டீங்கன்னா முழு 10,000மும் முதல் வருஷத்துலேயே கழிஞ்சு போயிடும், ஏன்னா ரிடியூசிங் பேலன்ஸ்ல எத்தனை வருஷம் கழிச்சாலும் மிச்சம் சைபருக்கு வரவே வராது. உண்மையிலேயே கடைசியில ஒண்ணும் தேறாதுன்னு நினைக்கிற சாமானா இருந்தா அண்ணன் சொன்ன மாதிரி ஸ்ட்ரைட் லைன்லேயே போட்டுருங்க.