பிஸி பீவரின் ஐந்தாவது எண் தெரியும், பிறகு ஏன் புரோகிராம் எழுத முடியாது?

கேள்வி: புதுச்சேரியில் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். பிஸி பீவர் சார்பு S(n) கணிக்கக்கூடிய எல்லாச் சார்புகளையும் தாண்டி வளரும் என்கிறார்கள். ஆனால் S(5) வரை விடை தெரிந்துவிட்டதே! ரொம்ப மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை, S(n)-க்கு ஒரு புரோகிராம் எழுதிவிட முடியாதா?

பதில்:

S(5)-க்கு என்றால் எழுதலாம், ஒரே ஒரு `print` வரி போதும். எந்த n கொடுத்தாலும் விடை சொல்கிற ஒரே புரோகிராம்தான் கிடையாது. S(n) என்பது n நிலைகள் கொண்ட டூரிங் எந்திரங்களில், வெற்று நாடாவில் தொடங்கி எப்போதாவது நிற்கிறவை ஓடக்கூடிய அதிகபட்சப் படிகளின் எண்ணிக்கை. காரணத்தைப் பார்க்குமுன், S(2)-ஐக் கையால் ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது.

```
     0     1
A   1RB   1LB
B   1LA   1RH
```

நாடா முழுக்க 0. தலை A நிலையில் தொடங்குகிறது. A வரிசையில் 0-க்குக் கீழே `1RB` என்றால், A நிலையில் 0-ஐப் படித்ததும் 1 எழுது, வலப்பக்கம் ஒரு கட்டம் நகர், B நிலைக்குப் போ. H வந்தால் நின்றுவிடும். தாளில் ஓட்டிப் பாருங்கள்: முதல் இரண்டு படிகளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 1. மூன்றாவது படியில் தலை இடப்பக்கம் நழுவுகிறது. நான்காவதும் ஐந்தாவதும் இடப்பக்கம் இன்னும் இரண்டு 1 சேர்க்கின்றன. ஆறாவது படியில் B நிலை 1-ஐப் படித்து நிற்கிறது. இரண்டு நிலை கொண்ட எந்திரங்களில், வெற்று நாடாவில் தொடங்கி, நிற்கவும் செய்கிறவற்றுள் எதுவும் இதைவிட நீண்டு ஓடாது. ஆகவே S(2) = 6. திபோர் ராடோ 1962-இல் முன்வைத்த போட்டி இதுதான்.

இனி வளர்ச்சிக்கு வருவோம். f என்று ஏதோ ஒரு கணிக்கக்கூடிய சார்பு, அதாவது புரோகிராம் எழுதிக் கணக்கிட முடிகிற சார்பு. எவ்வளவு பயங்கரமாக வளர்ந்தாலும் சரி. அது எங்கும் குறையாது என்று வைத்துக்கொள்ளலாம்; குறைந்தால், அதுவரை வந்த மதிப்புகளில் பெரியதை எடுத்துக்கொள்கிறோம், அதுவும் கணிக்கக்கூடியதே. மூன்று எந்திரங்களைத் தொடராக இணையுங்கள். முதலாவது n நிலைகளில் n ஒன்றுகளை எழுதும். இரண்டாவது அதை 2n+1 ஒன்றுகளாக ஆக்கும். மூன்றாவது f(2n+1)+1 ஒன்றுகளை எழுதிவிட்டு நிற்கும். பின்னிரண்டுக்கும் சேர்த்து 1000 நிலைகள் ஆகின்றன என்று கொள்வோம். n எவ்வளவு பெரிதானாலும் இந்த 1000 மாறாது. முழு வாதமும் இதில்தான் நிற்கிறது.

n = 1000 போடுங்கள். மொத்தம் 2000 நிலைகள். ஒரு படிக்கு ஒரு 1-க்கு மேல் எழுத முடியாது என்பதால், இந்த எந்திரம் குறைந்தது f(2001)+1 படிகள் ஓடியாக வேண்டும். அதாவது S(2000) > f(2001). f குறையாதது, S-உம் குறையாதது. எனவே 2000, 2001 இரண்டிலுமே S முந்திவிட்டது. n = 1001 போட்டால் 2002, 2003. இப்படி 2000-லிருந்து எல்லா எண்களுக்கும் போகும். நடுவில் அந்த இரட்டிப்பு எந்திரம் எதற்கு என்று பலருக்கும் புரிவதில்லை. அது இல்லையென்றால் n+c நிலைகளைச் செலவழித்து f(n) மட்டுமே கிடைக்கும். அந்த c நிலைகள் எப்போதும் கடனாகவே நிற்கும்.

உங்கள் மெதுவான புரோகிராம் இங்கேதான் விழுகிறது. அது இருந்தால் S-உம் ஒரு கணிக்கக்கூடிய சார்பு. f இருக்கும் இடத்தில் S-ஐயே வைத்தால், S(2000) > S(2001) என்று வருகிறது; S குறையாதது என்பதால் இது முரண். புரோகிராம் எத்தனை கோடி ஆண்டுகள் ஓடும் என்பது வாதத்தில் எங்கும் நுழையவே இல்லை, கவனியுங்கள்.

அப்படியானால் S(5) எப்படிக் கிடைத்தது? பாதி வேலை சுலபம். 1989-இல் மார்க்ஸென், புன்ட்ராக் இருவரும் 4,71,76,870 படிகள் ஓடி நிற்கும் எந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். அது தொடுவது 12,289 கட்டங்களைத்தான். கட்டத்துக்கு ஒரு மீட்டர் என்றால், புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் ஏறத்தாழப் பாதி தூரம். அதற்குள்ளேயே நாலே முக்கால் கோடி மீட்டர் முன்னும் பின்னும் அலைகிறது.

மறுபாதிதான் 2024 வரை இழுத்தது. ஐந்து நிலை எந்திரங்கள் 21^10, கிட்டத்தட்ட 16.7 லட்சம் கோடி. அவற்றில் 4,71,76,870 படிகளுக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கிற ஒவ்வொன்றும் என்றுமே நிற்காது என்று நிரூபிக்க வேண்டும். ஓட்டிப் பார்த்து லூப்பைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்: ஸ்கெலெட் 1 என்ற எந்திரம் 10^51 படிகளைத் தாண்டிய பிறகுதான் ஒழுங்கான சுழற்சிக்கே வருகிறது. பெரும்பாலானவற்றைச் சில பொது உத்திகள் கழித்துவிட்டன, மிஞ்சிய சிலவற்றுக்குத் தனித்தனி நிரூபணம் தேவைப்பட்டது. கடைசியில் முழுவதையும் காக் என்ற நிரூபணச் சரிபார்ப்பு மென்பொருளில் எழுதி முடித்தார்கள்.

இந்த உத்திகளைப் பட்டியலாக்கினால் n = 6-க்கும் போதுமா? ஆன்டிஹைட்ரா என்ற ஆறு நிலை எந்திரத்தைப் பாருங்கள். 8-இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் ஒன்றரை மடங்காக்கி, பின்னம் வந்தால் வெட்டிவிடுங்கள்: 8, 12, 18, 27, 40, 60, 90, 135, 202... ஒற்றை எண்களின் எண்ணிக்கை எப்போதாவது இரட்டை எண்களின் எண்ணிக்கையைப்போல இரு மடங்கைத் தாண்டினால் எந்திரம் நிற்கும். இரண்டும் ஏறக்குறையச் சரிசமமாக வருவதால் நிற்காது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் நம்பிக்கையை வைத்து S(6)-ஐ எழுத முடியாது; இதை நிரூபிக்க ஒரு வழியும் இதுவரை யாரிடமும் இல்லை.