பணம் என்னவாயிற்று என்பதே முதல் வரி

நாங்கள் நான்கு பேர் வேளச்சேரியில் தண்ணீர் கேன் ஆர்டர் செய்யும் செயலி ஒன்றை நடத்துகிறோம். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் குறிப்பு எழுதுவது என் வேலை. கடைசியாக எழுதியது: ‘பேமென்ட் கால்பேக் பிழை சரிசெய்யப்பட்டது. ஸ்லாட் வசதி சேர்க்கப்பட்டது. ஓடிபி ஆட்டோஃபில் பிரச்சினை உள்ளது.’ ஆனாலும் அதே கேள்விகளோடு வாடிக்கையாளர்கள் போன் செய்கிறார்கள். எப்படி எழுதினால் புரியும்?
— ஒரு வாசகர், சென்னை

கேன் வாங்குகிறவர் கால்பேக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் பார்த்தது சிவப்பு எழுத்தில் வந்த ‘ஆர்டர் தோல்வி’யை மட்டுந்தான். அந்தச் சொற்கள் குறிப்பில் இல்லாததால், தன் பிரச்சினையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. போனை எடுக்கிறார்.

அதனால் நிரலாளரிடம் “என்ன திருத்தினீர்கள்?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். “இது கெட்டிருந்தபோது திரையில் என்ன தெரிந்தது, வாடிக்கையாளர் என்ன செய்தார்?” என்று கேளுங்கள். உங்கள் கதையில் பதில் அநேகமாக இப்படி இருக்கும்: வங்கியின் பதில் வரச் சில விநாடி தாமதமாகிறது, செயலி அதுவரை காத்திராமல் ‘தோல்வி’ என்று சொல்லிவிடுகிறது, அவர் மறுபடியும் பணம் கட்டுகிறார். குறிப்புக்கு வேண்டியது இதில் திரையில் தெரிந்த ‘தோல்வி’யும் அவர் மறுபடியும் பணம் கட்டியதும். பின்னால் இருக்கும் காரணம் உங்கள் நால்வருக்குள் இருந்தால் போதும்.

இதில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘சரிசெய்யப்பட்டது’ என்பது இனி நடக்கப்போவதற்கான பதில். போன செவ்வாய்க்கிழமை இரண்டு முறை பணம் கட்டியவருக்கு அதில் ஒன்றுமில்லை. ஒருமுறை ஒரு செயலியின் குறிப்பில் ‘கட்டணப் பிழை நீக்கப்பட்டது’ என்று படித்துவிட்டு, என் 340 ரூபாய் தானாகத் திரும்பும் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். நாமாகக் கேட்டால்தான் தருவார்களாம். அதை எங்கும் எழுதவில்லை. பழைய பாதிப்புக்கு என்ன வழி என்பதைத் திருத்தத்தை ஒட்டியே எழுதிவிடுங்கள்.

தெரிந்த குறையைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். யாருக்கு வரும், எப்படித் தெரியும், அதுவரை என்ன செய்யலாம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ‘ஓடிபி பிரச்சினை உள்ளது’ என்று மட்டும் எழுதினால், குறை இல்லாத போன் வைத்திருப்பவரும் பயப்படுவார். ஆண்ட்ராய்டு 9 போன்களில் மட்டுந்தான் என்று தெரிந்தால் அதை எழுதுங்கள். ‘விரைவில் சரியாகும்’ என்பதை நான் எழுதவே மாட்டேன். தேதி உறுதியாக இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் மாற்றுவழி போதும். உள்ளே நிரல் நூலகம் மாற்றியது, கோப்புகளை ஒழுங்குபடுத்தியது எல்லாம் குறிப்பில் வேண்டாம்.

இடமும் குறைவு. பிளே ஸ்டோரில் ஒரு மொழிக்கு 500 குறிகள்தான். தமிழில் அது இன்னும் சுருங்கும்: ‘தமிழ்’ நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, கணினி எண்ணுவதோ ஐந்து, ஏனெனில் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ஐம்பது சொற்களைச் சற்றுத் தாண்டும்போதே இடம் தீர்ந்துவிடும். ஆகவே பணம் சம்பந்தப்பட்டது முதலில், புதிய வசதி அதற்குப் பிறகு. உங்கள் குறிப்பை நான் இப்படி எழுதுவேன்:

```
<ta-IN>
பணம் பிடிக்கப்பட்டும் சிலருக்கு ‘ஆர்டர் தோல்வி’ என்று காட்டியது. இனி காட்டாது. இருமுறை பணம் போயிருந்தால் ‘என் ஆர்டர்கள்’ பக்கத்தில் ‘பணத்தைத் திரும்பக் கேள்’ என்பதைத் தொடுங்கள்.
புதியது: கேன் காலையில் வர வேண்டுமா, மாலையில் வர வேண்டுமா என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.
தெரிந்த குறை: ஆண்ட்ராய்டு 9 போன்களில் ஓடிபி தானாக நிரம்பாது. எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் உள்ளே போகலாம்.
</ta-IN>
```

பொத்தான்களின் பெயரை உங்கள் திரையில் இருப்பதுபோலவே, ஓர் எழுத்தும் மாறாமல் போடுங்கள். திரையில் ‘Refund’ என்று இருந்தால் குறிப்பிலும் அதுவே இருக்கட்டும்; அழகான தமிழாக்கம் அவரைத் தேடவைக்கும்.

வெளியிடும் முன் கேன் போடும் தம்பியிடமோ வீட்டில் ஒருவரிடமோ காட்டுங்கள். “புரிகிறதா?” என்று கேட்டால் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். “உங்களுக்கு இரண்டு முறை பணம் போயிருந்தால் இப்போது எங்கே தொடுவீர்கள்?” என்று கேளுங்கள். விரல் தயங்கினால் அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.

ஓடிபி சரியானதும் அடுத்த குறிப்பில் ‘ஆண்ட்ராய்டு 9 போன்களிலும் ஓடிபி இனித் தானாக நிரம்பும்’ என்று அதே சொற்களில் எழுதுங்கள். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் அப்போதுதான் அதை நிறுத்துவார்.