விற்பனைப் பதிவுக்கு எந்தத் தமிழ் பொருந்தும்?

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கிறேன். பாவித்த சாமான்களை முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் போட்டு விற்கிறேன். "தொடர்பு கொள்ளவும்" என்று எழுதினால் இளம் ஆட்கள் வாசிக்காமலே போகிறார்கள். கதைக்கிற மாதிரி எழுதினால் அப்பாவின் வயதுக்காரர் மரியாதை இல்லை என்கிறார்கள். இரண்டு பேருக்கும் பொருந்த எப்படி எழுதலாம்?

பதில்:

சாமானின் பெயரில் மரியாதை தேடவேண்டாம். "வாட்டர் பம்ப்" என்று எழுதினால் எந்தப் பெரியவரும் கோபிக்கமாட்டார், அவரும் கடையில் அப்படித்தான் கேட்பார். மரியாதை வினையின் முடிவில்தான் இருக்கிறது. அங்கே மட்டும் கவனமாக இருந்தால் போதும்.

"தொடர்பு கொள்ளவும்", "பார்வையிடவும்" எல்லாம் கந்தோர் அறிவித்தல் தமிழ். "கோல் எடு", "வந்து பார்" என்பது சொந்தத் தம்பியிடம் சொல்வது. சரி, "வாங்கோ, பாருங்கோ" என்று எழுதலாமே என்று தோன்றும். யாழ்ப்பாணப் பக்கத்தாருக்கு அது மரியாதையாகவே கேட்கும். ஆனால் வன்னியில் எல்லோரும் அந்தப் பேச்சுக்காரர் இல்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் வீட்டில் அது "வாங்க, பாருங்க".

நான் பிடித்துக்கொண்ட வழி "-லாம்". வந்து பார்க்கலாம், கோல் எடுக்கலாம், விலை கதைக்கலாம். இதில் யாரையும் ஏவவில்லை, யாருடைய வயதையும் ஊகிக்கவில்லை. எந்த ஊர்ப் பேச்சுக்காரருக்கும் இயல்பாக இருக்கும். ஏவித்தான் ஆகவேண்டிய இடத்தில் "பாருங்கள்", "சொல்லுங்கள்" என்று முழுதாக எழுதலாம், அது புத்தகத் தமிழாகத் தெரியாது.

ஒரு பம்ப் விற்பதாக வைப்போம். வழமையாகப் போடுவது இப்படி இருக்கும்:

"வணக்கம் உறவுகளே! சிறந்த நிலையிலுள்ள நீரிறைக்கும் இயந்திரம் விற்பனைக்குண்டு. நியாயமான விலை எதிர்பார்க்கப்படுகிறது. உண்மையான தேவையுடையோர் மாத்திரம் உட்பெட்டியில் தொடர்பு கொள்ளவும்."

போனில் முதலில் கண்ணில் படுவது முதல் வரிதான், அதை உறவுகளே தின்றுவிட்டார்கள். "சிறந்த நிலை" ஒன்றையும் சொல்லவில்லை. விலை இல்லை. கடைசி வரிதான் மோசம். செந்தமிழில் இருந்தாலும் "சும்மா கேட்டு மினக்கெடுத்தாதே" என்பதுதான் அதன் அர்த்தம், பெரியவர்களுக்கு அது உடனே உறைக்கும். நான் என்றால் இப்படி எழுதுவேன்:

"2 இஞ்சி வாட்டர் பம்ப், பெற்றோல். விலை 38,000 ரூபாய். இரண்டு போகம் தோட்டத்துக்கு இறைத்தது. தண்ணீர் ஒழுக்கு இல்லை. காலையில் முதல்தரம் ஸ்டார்ட் பண்ண இரண்டு மூன்று தரம் இழுக்க வேண்டும், பிறகு ஒரே இழுவையில் பிடிக்கும். ஹோஸும் சேர்த்துத் தருவோம். விசுவமடுவில், முல்லைத்தீவு றோட்டுக்குக் கிட்ட இருக்கிறது. வந்து இறைத்துப் பார்த்தே எடுக்கலாம். விலை நேரில் கொஞ்சம் கதைக்கலாம். காலை 7 மணியிலிருந்து இரவு 8 மணி வரை கோல் எடுக்கலாம்."

குறையை எழுதிய விதத்தைப் பாருங்கள். "சிறு குறைபாடுகள் காணப்படுகின்றன" என்றால் எதையோ மூடுகிற மாதிரி இருக்கும். எத்தனை தரம் இழுக்க வேண்டும் என்று சொன்னால் தோட்டக்காரருக்கு விளங்கிவிடும், வந்து பார்த்துவிட்டுச் சண்டை பிடிக்கவும் மாட்டார். எழுத்தில் "வேண்டும், இருக்கிறது" என்றே விடுங்கள். "வேணும், இருக்கு" என்று சுருக்கினால்தான் அப்பாவின் வயதுக்காரருக்கு விளையாட்டாகத் தெரியும்.

போடமுதல் ஒருதரம் சத்தமாக வாசியுங்கள். இங்கே பம்ப் வாங்கப்போகிறவர் அப்பு, பதிவைப் பார்ப்பது பேரன். பேரன் திண்ணையில் இருந்து வாசித்துக் காட்டும்போது நாக்குத் தடக்குகிற சொல் இருந்தால் அவன் பாதியில் விட்டுவிட்டு "ஏதோ மிசினாம்" என்று முடித்துவிடுவான். சொற்சுருக்கங்களும் படக்குறிகளும் வாசிப்பில் காணாமல் போய்விடும். ஆங்கிலத்தில் தேடுகிறவர்களுக்காகக் கடைசி வரியில் water pump என்று தனியே போட்டுவிடலாம்.

மெசேஜில் பதில் எழுதும்போது "அண்ணா", "தம்பி" வேண்டாம். படத்தில் இருப்பது பேரன், எழுதுவது தாத்தாவாக இருக்கலாம். "நீங்கள்" போதும். கோலில் குரலைக் கேட்ட பிறகு ஐயா, அம்மா, தம்பி என்று தாராளமாகச் சொல்லலாம். "கடைசி விலை?" என்று ஒற்றை வரி வந்தால் சில பேருக்கு ஏறிவிடும். இளம் ஆட்கள் எழுதுகிற விதமே அதுதான். "36,500க்குத் தரலாம், ஒருக்கா வந்து பார்க்கிறீர்களா?" என்று எழுதினால் அவரும் அடுத்த வரியில் "நீங்கள்" என்றுதான் எழுதுவார்.

விற்ற பிறகு பதிவின் முதல் வரியில் "விற்றாகிவிட்டது, கேட்டவர்களுக்கு நன்றி" என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்தும் கோல் வரும்.