பார்லரில் பதினோரு பேர்: பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: கோவையில் இரண்டு இடங்களில் சலூன், பியூட்டி பார்லர் நடத்துகிறேன். ஒரு கடை என் பேரில், அதில் ஏழு பேர். மற்றது கணவர் பேரில், அங்கே நான்கு பேர். சீனியர் ஸ்டைலிஸ்ட் மூவருக்குச் சம்பளம் கிடையாது, செய்யும் வேலைக்கு 40 சதவீதம். மாதம் 22,000 வரை எடுப்பார்கள். ஒரு பியூட்டீஷியனுக்கு அக்டோபரில் பிரசவம். அவர் கேட்டதிலிருந்து எல்லோரும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கேட்கிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் தேவையில்லை என்று ஆடிட்டர் சொல்கிறார். மாத பில்லிங் ஜி.எஸ்.டி. போக 4,80,000, எல்லாச் செலவும் போக என் கைக்கு 55,000 வரும். இதில் எப்படிக் கட்டுவது?

பதில்: உங்களுக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம். பி.எஃப். கட்டாயம் இல்லை. இரண்டையும் சேர்த்தே யோசிப்பதால்தான் தொகை பயமுறுத்துகிறது. பிரித்துப் பார்த்தால் ஒன்று உங்களால் கண்டிப்பாக முடியும், மற்றதற்குக் கொஞ்சம் திட்டம் வேண்டும்.

ஆடிட்டர் சொன்ன பத்து என்ற எண் சரிதான். சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்கு இ.எஸ்.ஐ., இருபது பேர் என்றால் பி.எஃப். அவர் எண்ணிய விதத்தில்தான் தவறு. ஒரே முதலாளியின் கிளைகள் எத்தனை இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவை ஒரே நிறுவனம். இரண்டாவது கடை கணவர் பேரில் இருப்பதால் அது தனி என்று வாதாடலாம், ஆனால் இன்ஸ்பெக்டர் உரிமப் பத்திரத்தோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். இரண்டு கடைக்கும் ஒரே பெயர்ப் பலகையா, அப்பாயின்ட்மென்ட் ஒரே நோட்டில் எழுதப்படுகிறதா, சனி ஞாயிறு கூட்டத்தில் இங்குள்ள பெண்ணை அங்கே அனுப்புகிறீர்களா, சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று கேட்பார். இரண்டையும் நான்தான் நடத்துகிறேன் என்று உங்கள் கேள்வியின் முதல் வரியிலேயே எழுதிவிட்டீர்கள்!

அடுத்து அந்த மூன்று சீனியர்கள். சம்பளம் இல்லை, சதவீதம்தான், ஆகவே அவர்கள் ஊழியர்கள் இல்லை என்ற பேச்சு சலூன் தொழிலில் மிகப் பழையது. 1973-ல் ஒரு தையல் கடை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அந்தக் கடையில் தைத்த உருப்படிக்குத்தான் கூலி, மாதச் சம்பளம் கிடையாது. இருந்தாலும் தையல் இயந்திரம் கடைக்காரருடையது, தைத்தது சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. ஆகவே அவர்கள் தொழிலாளர்களே என்றது நீதிமன்றம். உங்கள் கடையிலும் நாற்காலி உங்களுடையது, விலைப்பட்டியலும் உங்களுடையது, பில் உங்கள் கவுன்ட்டரில்தான் போடுகிறார்கள். ஒருவர் தன் வாடிக்கையாளரைத் தானே அழைத்து வந்து, தன் விலையைச் சொல்லி, காசைத் தானே வாங்கிக்கொண்டு, நாற்காலிக்கு மட்டும் உங்களுக்கு வாடகை கொடுத்தால் அவர் கதை வேறு. உங்கள் மூவரும் அப்படி இல்லை. ஆக, பதினோரு பேர்.

பத்தாவது ஆள் எப்போது சேர்ந்தார் என்று பாருங்கள், பொறுப்பு அன்றிலிருந்து தொடங்குகிறது. சென்ற டிசம்பரில் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது பணம். சதவீதத்தில் வேலை செய்யும் மூவரின் ‘ஊதியம்’ எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். புதிய சட்டத்தில் கமிஷன் ஊதியத்தில் சேராது; ஆனால் இப்படி விலக்கப்படும் தொகைகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தில் சேர்ந்துவிடும். 22,000 முழுக்கக் கமிஷன் என்றால் அதில் பாதியான 11,000 ஊதியம் ஆகிறது. இதை இப்படியே விடாமல், 13,000 நிலையான சம்பளம், மீதி கமிஷன் என்று எழுத்தில் மாற்றுங்கள். அவர் கைக்கு வருவது மாறாது. உங்களுக்கும் கணக்குத் தெளிவாகும், குறைந்தபட்ச ஊதியம் கொடுக்கவில்லை என்ற இன்னொரு வழக்குக்கும் இடம் இருக்காது. வாடிக்கையாளர் நேராகக் கையில் வைத்துவிட்டுப் போகும் டிப்ஸ் இதில் எதிலும் வராது.

மற்றவர்களுக்கு வழக்கமான சம்பளத்தை வைத்துக்கொள்கிறேன்: ஐந்து பியூட்டீஷியன்களுக்கு 13,000, இரண்டு ஹெல்பர்களுக்கு 12,000, ரிசப்ஷனில் இருப்பவருக்கு 14,000. பதினோரு பேருக்கும் சேர்த்து ஊதியம் 1,42,000. எல்லோரும் இ.எஸ்.ஐ.யின் 21,000 வரம்புக்குள் இருக்கிறார்கள். முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது மாதம் 4,615 ரூபாய். ஊழியர் பங்கு 0.75 சதவீதம், 13,000 வாங்குபவருக்கு 98 ரூபாய் பிடிப்பீர்கள். உங்கள் பில்லிங்கில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 300 ரூபாய் ஹேர்கட்டில் மூன்று ரூபாய்.

இந்த மூன்று ரூபாயைக் கட்டாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பிரசவமே பதில். பத்துப் பேர் வேலை செய்யும் கடையில், கடந்த 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்த பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. இ.எஸ்.ஐ. இருந்தால் அந்தப் பணத்தை அவர்கள் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் உங்கள் கையிலிருந்து, ஏறத்தாழ 78,000. நீங்கள் ஒரு வருடம் முழுக்க இ.எஸ்.ஐ.க்குக் கட்டுவது 55,380 மட்டுமே. இளம்பெண்கள் அதிகம் வேலை செய்யும் தொழில் உங்களுடையது; ஒரே வருடத்தில் இரண்டு பிரசவம் வருவது அதிசயம் இல்லை.

ஆனால் இப்போது பதிவு செய்தால் அக்டோபர் பிரசவத்துக்குப் பணம் கிடைக்குமா? இந்த ஜூலையிலிருந்து மட்டும் பதிந்தால் கிடைக்காது. புதிதாகச் சேருபவருக்குப் பணப் பலன் தொடங்குவது சேர்ந்து ஒன்பது மாதம் கழித்துத்தான். முந்தைய பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குப் பங்கு கட்டியிருக்கவும் வேண்டும். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு, ஆகவே பிரசவத்தைச் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பரிலிருந்தே பதிந்து, பாக்கியைக் கட்டினால் கணக்கு மாறுகிறது. ஒன்பது மாதம் ஆகஸ்டோடு முடிகிறது, அக்டோபர் அதற்குப் பிறகு. ஏழு மாதப் பாக்கி இரண்டு பங்கும் சேர்த்து 40,000-க்குள் வரும். பழைய மாதங்களுக்கான ஊழியர் பங்கை இப்போது அவர்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது, அதுவும் உங்கள் தலையில்தான். மேலே 12 சதவீத வருட வட்டி. அது பெரிய தொகை ஆகாது. வருகைப் பதிவேடு, வங்கியில் சம்பளம் போட்ட சான்று இரண்டும் இல்லாமல் இ.எஸ்.ஐ. கிளை மேலாளர் பின்தேதிப் பதிவை ஏற்க மாட்டார். ஏற்றுக்கொண்டு அந்தப் பெண்ணுக்குப் பணம் கொடுத்தாலும், நேரத்தில் கட்டாத முதலாளியிடம் அதைத் திருப்பி வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதனால் அந்த 78,000-ஐ இப்போதே தனியாக ஒதுக்கிவிடுங்கள். தேவைப்படாமல் போனால் நல்லது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: அந்தப் பெண்ணை ‘கொஞ்ச நாள் வீட்டில் இரும்மா’ என்று அனுப்பிவிடாதீர்கள். மகப்பேறு விடுப்பில் இருப்பவரை நீக்குவது தனிக் குற்றம். இப்படி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் 78,000-ஐவிட அதிகமாகச் செலவழித்திருக்கிறார்கள்.

பி.எஃப். விஷயத்துக்கு வருவோம். இருபது பேர் இல்லாததால் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களும் ஊழியர்களில் பெரும்பான்மையினரும், உங்கள் கடையில் ஆறு பேர், ஒப்புக்கொண்டால் தாமாக முன்வந்து சேரலாம். இருபதுக்குக் குறைவான இடத்துக்குப் பங்கு 12 சதவீதம் இல்லை, 10 சதவீதம்தான். உங்கள் பங்கு 14,200. அதோடு காப்பீட்டுக்கு அரை சதவீதம், நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம், ஆக மாதம் 15,620. இ.எஸ்.ஐ.யையும் சேர்த்தால் 20,235. விலையைத் தொடாமல் இதைக் கட்டினால் உங்கள் 55,000 என்பது 34,765 ஆகிவிடும். இதைத் தாங்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஊழியர்களிடமும் முழுக் கணக்கைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். 13,000 வாங்கும் பெண்ணுக்கு மாதம் 1,300 குறையும். உங்கள் 1,300-ல் 1,083 ஓய்வூதிய நிதிக்கும், 217 மட்டும் அவர் சேமிப்புக் கணக்குக்கும் போகும். ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சேவை வேண்டும். கல்யாணம் ஆகும் வரைதான் வேலை என்று நினைக்கும் பெண்களுக்கு இது கசக்கும். அதே சமயம், உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும் காப்பீடு அந்த அரை சதவீதத்தில், மாதம் 65 ரூபாயில், வருகிறது. கேட்பவர்களில் பலருக்கு இது தெரியாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இ.எஸ்.ஐ.யை இந்த மாதமே பதிந்துவிட்டு, பி.எஃப்.-ஐ அடுத்த விலை உயர்வோடு கட்டிவிடுவேன். இரண்டுக்கும் சேர்த்து 300 ரூபாய் ஹேர்கட்டில் 13 ரூபாய் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதம் ஆனது. 354 ரூபாயாக இருந்த பில் 315 ஆகியிருக்கும். 313 என்று விலை வைத்தாலும் பில் 329-ஐத் தாண்டாது. வரி குறைந்த மறுநாளே ஏற்றியிருந்தால் கேள்வி வந்திருக்கும். சம்பளச் செலவு கூடியதற்காக இப்போது ஏற்றுவதில் தவறில்லை. பொருள்களுக்கு எடுத்துக்கொண்டிருந்த உள்ளீட்டு வரி இப்போது கிடைக்காது என்பதையும் ஆடிட்டரிடம் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

முதலாளி பங்கையும் ஊழியர் சம்பளத்திலேயே கழிப்பது இந்தத் தொழிலில் சகஜம். ‘உனக்கு 13,000, அதில் எல்லாம் அடக்கம்’ என்பார்கள். சட்டம் அதை நேரடியாகத் தடுக்கிறது. ஊழியரிடம் பிடித்த பணத்தை 15-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். ஒரு நாள் தாமதமானாலும் அந்தத் தொகையை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று, அப்போதைய சட்டத்தின்படி, 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; இப்போதைய நிலையை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை, www.esic.gov.in தளத்திலேயே செய்யலாம். இரண்டு கடைகளையும் ஒரே எண்ணின் கீழ் காட்டுங்கள். ஒவ்வொருவரின் ஆதார், வங்கிக் கணக்கு, குடும்பத்தினர் விவரம் மூன்றையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். பெற்றோர் பெயர் விட்டுப்போனால், அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாளில்தான் அது தெரியவரும்.