செங்கல் ஹாய்ஸ்ட்டுக்கு எத்தனை எச்.பி. மோட்டார்? கேள்வி பதில்

"கானாடுகாத்தானில் பழைய வீட்டின் மேல்தளத்துக்கு ஒரு நடைக்கு 300 கிலோ செங்கல் ஏற்ற வேண்டும், வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டர். 2 எச்.பி. போதுமா?"

போதாது. பக்கெட்டும் கொக்கியும் 60 கிலோ என்று கொண்டால், தூக்கும் எடை 360 கிலோ, விசை ஏறத்தாழ 3,530 நியூட்டன். வேகம் நொடிக்கு 0.333 மீட்டர் என்பதால் ரோப்பில் தேவைப்படும் திறன் 1.18 கிலோவாட். இதை மட்டும் பார்த்தால் 2 எச்.பி., அதாவது சுமார் 1.5 கிலோவாட், போதும் என்றுதான் தோன்றும். ஆனால் உங்களிடம் இருப்பது வார்ம் கியர்பாக்ஸ் என்றால் அதன் திறன்விகிதத்தை 0.6 என்றும், டிரம்முக்கும் கப்பிக்கும் சேர்த்து 0.95 என்றும் எடுக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 0.57, 1.18-ஐ அதனால் வகுத்தால் 2.07 கிலோவாட். மீதி 0.9 கிலோவாட் வெப்பமாகத்தான் போகிறது, அதனால்தான் மதியத்துக்குள் கியர்பாக்ஸில் கை வைக்க முடிவதில்லை.

3 எச்.பி. மோட்டார் 2.2 கிலோவாட் தரும். கணக்கில் சரி, ஆனால் மிச்சம் மிகக் குறைவு. கொத்தனார் ஈர மணலைக் கூடுதலாகக் கொட்டினால் அதுவும் போய்விடும். சிறிய டிரம் போட்டு வேகத்தை 15 மீட்டருக்குக் குறைத்தால் தேவை 1.55 கிலோவாட்டாக இறங்கும். நான் அதையே செய்வேன். டிரம்மின் விட்டம் ரோப்புக்கு ஏற்றதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மோட்டாரின் திறன்விகிதம் 0.82-ஆலும் வகுக்க வேண்டுமே ஐயா, விட்டுவிட்டீர்களே?"

மோட்டாரின் அளவைத் தேர்வு செய்ய அது தேவையில்லை தம்பி. நேம் பிளேட்டில் உள்ள கிலோவாட் தண்டில் கிடைக்கும் திறன். ஜெனரேட்டரோ கேபிளோ தேர்வு செய்யும்போது நீங்கள் சொல்வது சரி: 2.07-ஐ 0.82-ஆல் வகுத்தால் மின்சாரத்திலிருந்து 2.5 கிலோவாட் இழுக்கும்.

"தேவகோட்டையில் எங்கள் ஹாய்ஸ்ட் 3 எச்.பி.தான். சாயங்காலமானால் உறுமுகிறது, எழுவதில்லை. 5 எச்.பி. ஆக்கிவிடலாமா?"

அவசரப்பட வேண்டாம். மூன்று பேஸ் மோட்டாரின் முறுக்குவிசை வோல்ட்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 415 இருக்க வேண்டிய இடத்தில் 340 வந்தால் விசை மூன்றில் இரண்டு பங்குதான். சுமையோடு ஸ்டார்ட் செய்யும் அந்தக் கணத்தில் மோட்டார் முனையில் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது சரியாகவும் அப்போது தாழ்வாகவும் காட்டினால், மீட்டர் பெட்டியிலும் அதே நேரத்தில் அளக்க வேண்டும். அங்கும் தாழ்ந்தால் லைன் கோளாறு, அங்கே நன்றாக இருந்தால் உங்கள் கேபிள் மெல்லியது. அளக்காமல் எது என்று என்னால் சொல்ல முடியாது. 5 எச்.பி. இன்னும் அதிகமாக இழுத்து நிலைமையை மோசமாக்கக்கூடும்.

"என்னுடையது மணல் கன்வேயர். மணிக்கு 30 டன், 4 மீட்டர் உயரம். இதே கணக்குதானா?"

தூக்குவதற்கு மட்டும் இதே கணக்கு: நொடிக்கு 8.3 கிலோ, 4 மீட்டர் உயரம், வெறும் 0.33 கிலோவாட். அதை வைத்து மோட்டார் வாங்காதீர்கள். பெல்ட், ரோலர், ஓரத்தில் உரசும் ரப்பர் ஆகியவை தின்பதும் இத்துடன் சேரும், சிறிய கன்வேயரில் அது தூக்கும் திறனையே மிஞ்சக்கூடும். மணல் இல்லாமல் ஓட்டி, மோட்டார் இழுக்கும் கிலோவாட்டை மீட்டரில் பார்த்துச் சொல்லுங்கள், மீதியைப் பிறகு பார்ப்போம்.