கைத்திறனும் மேற்பார்வையும்

அன்புள்ள ஐயா,

நூற்பாலை ஒன்றில் பராமரிப்பு மேலாளராக இருக்கிறேன். ரிங் ஃபிரேம் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை செய்யும் ஃபிட்டர் ஒருவரைச் சூப்பர்வைசராக உயர்த்தும்படி பரிந்துரைக் கடிதம் எழுதினேன். ‘இதை வைத்து முடிவெடுக்க முடியாது’ என்று நிர்வாகம் திருப்பி அனுப்பிவிட்டது. கடிதத்தை இணைத்திருக்கிறேன். அவரிடம் ஒரு குறை உண்டு: மூத்தவர்கள் சரியாகச் செய்யாத வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லத் தயங்குவார். அதை எழுதினால் பதவி கைநழுவிவிடுமோ என்று விட்டுவிட்டேன். எங்கே தவறினேன்?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நேர்மையானவர், உழைப்பாளி, ஒருநாளும் தாமதமாக வராதவர் என்று முதல் பக்கம் முழுவதும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் அவையெல்லாம் அவர் நல்ல ஃபிட்டர் என்பதற்கான சான்றுகள். நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டியது அவர் சூப்பர்வைசர் வேலையைச் செய்வாரா என்பது. அதற்கான விடை உங்கள் இரண்டாம் பக்கத்தில், ‘டாப் ரோலர் கோளாறைக் கண்டுபிடித்தார்’ என்ற ஒற்றை வரிக்குள் கிடக்கிறது. நானாக இருந்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

நீங்கள் இணைத்த ஆய்வக வரைபடத்தில் நூலின் சீர்கேடு ஏறக்குறைய 9 செ.மீ.க்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. 28.5 மி.மீ. விட்டமுள்ள முன் டாப் ரோலர் ஒரு சுற்றுச் சுற்றினால் 9 செ.மீ. அந்த இடத்தைத் தாண்டியபின் நூல் இழுபடுவதில்லை; அதனால் ரோலரின் குறை அதே நீளத்தில் நூலில் பதிகிறது. குறை பின் ரோலரில் இருந்தால், 30 மடங்கு இழுவையில் அது இரண்டரை மீட்டருக்கும் கூடுதலான இடைவெளியில்தான் தெரிந்திருக்கும். மேலும், எல்லாக் காப்ஸிலும் வராமல் சிலவற்றில் மட்டும் வந்திருக்கிறது. அதனால்தான் அவர் கியரைக் கழற்றிப் பொழுதை வீணாக்காமல் நேரே டாப் ரோலர்களை டயல் கேஜில் வைத்துப் பார்த்திருக்கிறார். ரோலர் ரப்பரைத் தேய்க்கும் பஃபிங் இயந்திரத்தின் பேரிங் ஆடியதுதான் மூலம் என்பதையும் பிடித்துவிட்டார். இதை நான்கு வரியில் எழுதுங்கள். காரணத்தைத் தேடி இயந்திரம் விட்டு இயந்திரம் போகத் தெரிந்தவர் என்பது நிர்வாகத்துக்குப் புரிந்துவிடும்.

ஆனால் இதுவும் திறமைக்கே சான்று. தலைமைக்குச் சான்று அதற்குப் பிறகு நடந்தது. தேய்த்த ரோலர்களைச் சோதித்து நோட்டில் குறிக்கும் வழக்கத்தை அவர் தொடங்கிவைத்ததாகச் சொல்கிறீர்கள். அந்த நோட்டை எடுத்து, அவர் விடுப்பில் இருந்த நாள்களைப் புரட்டிப் பாருங்கள். அந்தப் பக்கங்களில் வேறொருவர் கையெழுத்தில் அளவுகள் இருக்கின்றனவா? தேறாத ரோலர் ஒன்றாவது ‘மீண்டும் தேய்க்க’ என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறதா? எல்லா ரோலரும் ஒரே அளவு என்று ஒரே மையில் மேலிருந்து கீழே நிரப்பியிருந்தால், அவர் இல்லாதபோது சோதனையும் இல்லை என்று பொருள். அப்படியானால் தலைமை பற்றி இப்போதைக்கு எழுதாதீர்கள். அளவுகள் உண்மையாக இருந்தால் அந்தப் பக்கங்களை நகலெடுத்து இணைத்துவிடுங்கள்.

இனி அந்தக் குறை. நானும் ஒருமுறை இதே குறையை மறைத்து ஒருவரைப் பரிந்துரைத்திருக்கிறேன். பதவி கிடைத்தது. மூத்த ஃபிட்டர்கள் அரைகுறையாக விட்ட வேலையை, அவர்களிடம் சொல்ல மனமில்லாமல், ஷிப்ட் முடிந்தபின் தானே செய்தார். ஆறாவது மாதம் என் மேசைக்கு முன்னால் நின்று, “பழைய வேலையே போதும் சார்” என்றார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தவறு அவருடையது அல்ல, என் கடிதத்துடையது.

உதிரிபாகக் கணக்கு, மாத அறிக்கை போன்றவை தெரியாமல் இருந்தால் பதவியில் அமர்ந்தபின் கற்றுக்கொள்ளலாம். வேலையைத் திருப்பிக் கொடுப்பது அப்படியல்ல. சூப்பர்வைசர் வேலையில் பாதி அதுதான். எனவே ‘விரைவில் சரியாகிவிடும்’ என்று பூசி மெழுகாமல் இப்படி எழுதுங்கள்:

“தொழில்நுட்ப அறிவில் இவர் இப்போதே தயார். தம்மைவிட மூத்த ஃபிட்டர்களின் வேலையில் குறை கண்டால் சொல்லாமல் தாமே சரிசெய்துவிடுகிறார். ஆகவே, மூன்று மாதம் இரவு ஷிப்டின் பொறுப்பை இவருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். திரும்பச் செய்யச் சொன்ன வேலைகளை, யாரிடம் சொன்னார் என்பதோடு, வேலைச்சீட்டில் இவர் பதிவு செய்வார். வாரம் ஒருமுறை நான் இவருடன் அமர்ந்து அவற்றைப் பார்ப்பேன். மூன்றாம் மாத முடிவில் பதவியை உறுதிசெய்வது பற்றி எழுதுகிறேன்.”

கடிதத்தை அனுப்பும் முன் இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள். தன் குறையை நிர்வாகத்தின் வாயிலாக அவர் முதன்முதலில் கேட்கக் கூடாது. அந்த இரவு ஷிப்டில் அவரைவிட மூத்த ஃபிட்டர் ஒருவராவது இருக்கும்படி ஆள் போடுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழிந்தும் உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.